மூட்டு மாத்திரையில் 1500 என்று போட்டிருந்தால் உள்ளே எவ்வளவு இருக்கிறது?

"அண்ணா, அம்மாவுக்கு 63 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொல்லிவிட்டார்கள். கட்டுத்தரையில் குந்திப் பால் கறக்க முடியவில்லை. கோபியில் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை அட்டை கொடுத்தார்கள்: குளுக்கோசமைன் சல்பேட் பொட்டாசியம் குளோரைடு 750, காண்ட்ராய்டின் 100, எம்.எஸ்.எம். 250, தினமும் இரண்டு. தம்பி அமெரிக்காவிலிருந்து 120 மாத்திரை உள்ள டப்பா அனுப்பியிருக்கிறான்: குளுக்கோசமைன் ஹைட்ரோகுளோரைடு 1500, காண்ட்ராய்டின்–எம்.எஸ்.எம். கலவை 1100, ஒரு வேளைக்கு மூன்று மாத்திரை. இரண்டிலும் நாளுக்கு 1500தானே வருகிறது? எதைக் கொடுப்பது? ஜவ்வு வளரும் என்று கடைக்காரர் சொல்வது உண்மையா? அம்மா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார்."

இரண்டும் ஒன்றல்ல. அட்டையிலிருந்து அம்மாவுக்கு நாளுக்குக் கிடைக்கும் குளுக்கோசமைன் சுமார் 890 மில்லிகிராம். டப்பாவிலிருந்து கிடைப்பது சுமார் 1250. ஜவ்வு வளராது. வலி கொஞ்சம் குறையலாம், குறையாமலும் போகலாம். அதை வீட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஈரோட்டில் பல வருடங்களாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்த வகை மாத்திரைகளில் மக்கள் ஏமாறுவது பெரும்பாலும் அந்த 1500 என்ற எண்ணில்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குளுக்கோசமைன் என்பது ஒரு சர்க்கரை மூலக்கூறில் அமீன் சேர்ந்த பொருள். நம் உடம்பும் அதைத் தயாரிக்கிறது. தனியாக எடுத்தால் அது நிலையாக இருக்காது. ஒரு அமிலத்தோடு சேர்த்து உப்பாக்கினால்தான் மாத்திரைக்குப் பயன்படும் தூளாகும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்த்தால் ஹைட்ரோகுளோரைடு. சல்ஃபூரிக் அமிலத்தோடு சேர்த்தால் சல்பேட். ஹைட்ரோகுளோரைடு நல்ல பிள்ளை, அப்படியே இருக்கும். சல்பேட் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து, பிசுபிசுத்துக் கெட்டுவிடும். அதனால் அதனோடு பொட்டாசியம் குளோரைடு அல்லது சோடியம் குளோரைடு சேர்த்துப் படிகமாக்குகிறார்கள். அட்டையில் "சல்பேட் பொட்டாசியம் குளோரைடு" என்று நீளமாக எழுதியிருப்பதன் காரணம் இதுதான். சில லேபிள்களில் 2KCl என்றும், சோடியம் வகையாக இருந்தால் 2NaCl என்றும் போட்டிருப்பார்கள்.

இப்போது எடைக் கணக்கு. கடலைக்காயைத் தொலியோடு நிறுத்தால் ஒரு எடை, உடைத்துப் பருப்பை மட்டும் நிறுத்தால் வேறு எடை அல்லவா? லேபிளில் உள்ள எண் பெரும்பாலும் தொலியோடு நிறுத்த எடை. ஹைட்ரோகுளோரைடில் நூற்றுக்கு 83 பங்கு குளுக்கோசமைன். எதுவும் சேர்க்காத சல்பேட்டில் 78 பங்கு. சல்பேட் பொட்டாசியம் குளோரைடில் 59 பங்குதான்; மீதி சல்பேட்டும் பொட்டாசியம் குளோரைடும். சோடியம் குளோரைடு சேர்த்ததில் 62 பங்கு இருக்கும். மூலக்கூறு எடைகளை வைத்துப் போட்ட கணக்கு இது. ஆகவே எந்தக் கம்பெனி தயாரித்தாலும் மாறாது.

உங்கள் அட்டையில் ஒரு மாத்திரைக்கு 750. அதில் 59 பங்கு என்றால் 444. இரண்டு மாத்திரைக்கு 888. தம்பி அனுப்பியதில் ஹைட்ரோகுளோரைடு 1500, அதில் 83 பங்கு என்றால் 1246. வெளியே ஒரே எண், உள்ளே ஐந்துக்கு ஏழு என்ற அளவில் வித்தியாசம். அட்டையில் கலப்படம் இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. எழுதியதைத்தான் போட்டிருக்கிறார்கள். நாம்தான் பெயரை முழுவதும் படிக்காமல் எண்ணை மட்டும் படிக்கிறோம். அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: சில கம்பெனிகள் "இத்தனை மில்லிகிராம் குளுக்கோசமைனுக்கு இணை" என்று சிறிய எழுத்தில் ஒரு வரி போட்டிருப்பார்கள். 750க்கு 440 சொச்சம் என்று இருந்தால் அந்த லேபிள் நேர்மையானது. எந்த உப்பு என்றே சொல்லாமல் "குளுக்கோசமைன் 1500" என்று மட்டும் இருந்தால் அதை வாங்காதீர்கள்.

இந்த 1500 எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துகொள்வது நல்லது. ஐரோப்பாவில் மருந்துச் சீட்டுக்குக் கிடைத்த, சோடியம் குளோரைடோடு படிகமாக்கிய சல்பேட் ஒன்றை வைத்துத்தான் அந்தப் பக்கத்து ஆய்வுகள் பெரும்பாலும் நடந்தன. அதில் நாளுக்கு ஒருமுறை 1884 மில்லிகிராம் தூள். அதற்குள் உப்பு நீங்கலான சல்பேட் 1500. அந்த 1500க்குள் குளுக்கோசமைன் 1178. அதாவது ஆய்வில் சொன்ன 1500 சோடியம் குளோரைடைக் கழித்த எண். உங்கள் அட்டையில் இருக்கும் 1500 பொட்டாசியம் குளோரைடைக் கழிக்காத எண். அந்த ஐரோப்பிய அளவுக்கு உங்கள் அட்டை வர வேண்டுமானால் நாளுக்கு இரண்டல்ல, ஏறக்குறைய இரண்டே முக்கால் மாத்திரை வேண்டும்.

"சல்பேட்தான் வேலை செய்யும், ஹைட்ரோகுளோரைடு வீண்" என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. இரண்டு பங்கு ஹைட்ரோகுளோரைடையும் ஒரு பங்கு பொட்டாசியம் சல்பேட்டையும் தண்ணீரில் கரைத்தால், சல்பேட் 2KCl கரைந்தால் என்னென்ன அயனிகள் இருக்குமோ அதே அயனிகள் அதே அளவில் இருக்கும். இரண்டின் மொத்த எடையும் ஒன்றேதான். இரண்டையும் வெறுமனே கலந்து "சல்பேட்" என்று விற்பதும் இந்தத் தொழிலில் உண்டு. அமிலம் நிறைந்த இரைப்பைக்குள் போன பிறகு எது எந்த உப்பாக வந்தது என்ற அடையாளம் நிற்காது. சல்பேட்டுக்குச் சாதகமான ஆய்வுகளில் கணிசமானவை அதைத் தயாரித்த கம்பெனியின் ஆதரவில் நடந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே எந்த உப்பு என்று சண்டை போடுவதைவிட, குளுக்கோசமைன் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது மேல்.

அடுத்தது "ஒரு வேளைக்கு" என்ற வரி. அமெரிக்க டப்பாக்களின் முகப்பில் இருக்கும் எண் பெரும்பாலும் ஒரு மாத்திரைக்கானது அல்ல. அவர்கள் சொல்லும் ஒரு வேளைக்கானது. உங்கள் டப்பாவில் அது மூன்று மாத்திரை. அவை பெரிய மாத்திரைகள், விழுங்கச் சிரமம் என்று நம் அம்மாக்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் கிடைப்பது 415 மில்லிகிராம்தான். உங்கள் உள்ளூர் மாத்திரை ஒன்றைவிடவும் குறைவு. மூன்றையும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டும் என்றில்லை. காலை, மதியம், இரவு என்று சாப்பாட்டோடு பிரித்துக் கொடுக்கலாம். ஆய்வுகளில் இரண்டு விதமாகவும் கொடுத்திருக்கிறார்கள்.

குருத்தெலும்பில் இருக்கும் காண்ட்ராய்டின் என்ற பொருளின் கதை இன்னும் மோசம். ஆய்வுகளில் கொடுத்தது நாளுக்கு 800 முதல் 1200 மில்லிகிராம் வரை. உங்கள் அட்டையில் இரண்டு மாத்திரைக்கு 200. 1200 என்ற அளவில் ஆறில் ஒரு பங்கு. பெயருக்குச் சேர்த்தது என்றுதான் சொல்வேன். இந்தப் பொருள் விலை கூடியது, எம்.எஸ்.எம். என்ற கந்தகச் சேர்மம் மலிவு. அதனால்தான் மலிவான மாத்திரைகளில் முன்னது குறைவாகவும் பின்னது கூடுதலாகவும் இருக்கும்.

டப்பாவில் "காண்ட்ராய்டின்–எம்.எஸ்.எம். கலவை 1100" என்று ஒரே எண் கொடுத்திருக்கிறார்கள். தனித்தனியாக எவ்வளவு என்று சொல்லாமல் மொத்தமாகச் சொல்வதற்கு அங்கே அனுமதி உண்டு. ஆனால் கலவைக்குள் இருப்பவற்றை எடையில் கூடியது முதலில், குறைந்தது பிறகு என்ற வரிசையில் எழுத வேண்டும். கலவையின் பெயரைப் பார்க்காதீர்கள். பெயரில் காண்ட்ராய்டின் முதலில் வருவதற்கு எந்தப் பொருளும் இல்லை. அந்தப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் பாருங்கள். எம்.எஸ்.எம். முதலில் இருந்தால் காண்ட்ராய்டின் 550க்கும் குறைவு என்று உறுதியாகச் சொல்லலாம். எவ்வளவு குறைவு என்பது கம்பெனிக்கே வெளிச்சம். 500 ஆகவும் இருக்கலாம், 20 ஆகவும் இருக்கலாம்.

தனியாக எண் போட்டிருந்தாலும் காண்ட்ராய்டினில் இன்னொரு சிக்கல் உண்டு. அது நீளச் சங்கிலி போன்ற மூலக்கூறு. அதை அளப்பதற்குப் பழைய, மலிவான டைட்ரேஷன் முறை ஒன்று இருக்கிறது. எதிர்மின்னூட்டம் உள்ள வேறு நீளச் சங்கிலிகளையும், சில பாஸ்பேட் உப்புகளையும்கூட அந்த முறை காண்ட்ராய்டின் என்றே எண்ணிக்கொள்ளும். இது தெரிந்து, அப்படிப்பட்ட மலிவுப் பொருள்களைக் கலந்து விற்றவர்கள் இருக்கிறார்கள். சான்றிதழில் எண் சரியாகவே வரும். என்சைம் கொண்டு சங்கிலியை வெட்டி, எச்.பி.எல்.சி. கருவியில் அளந்தால்தான் உண்மை தெரியும். நீங்கள் வீட்டில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. வெளியே ஒரு சுயேச்சையான அமைப்பு சோதித்த முத்திரை டப்பாவில் இருந்தால், அது முகப்பில் உள்ள வேறெந்தப் புகழ்ச்சியையும்விட மதிப்பானது.

அம்மாவிடம் ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. மக்காச்சோளத்தை வைத்துப் பூஞ்சை மூலம் நொதிக்க வைத்து எடுக்கும் வகையும் உண்டு. காண்ட்ராய்டின் பெரும்பாலும் மாட்டின் மூச்சுக்குழல் குருத்தெலும்பிலிருந்து வருகிறது. பன்றி, கோழி, சுறாவிலிருந்தும் எடுக்கிறார்கள். கட்டுத்தரை மாட்டுக்குப் பொங்கல் வைத்துக் கும்பிடும் வேறொரு அம்மா, "போவைன்" என்று எழுதியிருப்பது மாட்டைத்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டு என் கடைக்கு வந்து சண்டை போட்டது உண்டு. புரட்டாசி முழுக்கக் கவிச்சி சேர்க்காத வீடுகளிலும் இதே சங்கடம் வருகிறது. நம் நாட்டில் உணவுச் சத்துப் பொருளாக விற்றால் சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம் இருக்க வேண்டும். அமெரிக்க டப்பாவில் அந்தக் குறி இருக்காது. இறால், நண்டு இருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கையாக ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள்.

இனி ஜவ்வு விஷயம். 2001ல் லான்செட் இதழில் 212 பேரை மூன்று வருடம் கவனித்த ஆய்வு ஒன்று வந்தது. சல்பேட் சாப்பிட்டவர்களின் முழங்கால் இடைவெளி எக்ஸ்ரேயில் ஏறக்குறைய அப்படியே இருந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவு குறைந்திருந்தது. கடைக்காரர் சொல்லும் கதைக்கு வேர் இப்படிப்பட்ட ஆய்வுகள்தான். ஆனால் இதில்கூட வளர்ந்ததாக இல்லை. தேய்வது குறைந்தது என்றுதான் இருக்கிறது. அமெரிக்க அரசின் செலவில் நடந்த பெரிய ஆய்வை இரண்டு வருடம் நீட்டித்துப் பார்த்தபோது அந்த அளவுக்குக்கூட வித்தியாசம் உறுதிப்படவில்லை. உணவுச் சத்து என்று உரிமம் வாங்கிய பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லிக்கொள்ளவும் நம் சட்டம் அனுமதிப்பதில்லை. "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று அதே டப்பாவில் எழுத வேண்டும் என்பதுதான் விதி.

வலியைப் பற்றி அந்த அமெரிக்க ஆய்வு சொன்னதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். 1583 பேர், 24 வாரம். முடிவு 2006ல் வெளியானது. குளுக்கோசமைன் ஹைட்ரோகுளோரைடு 1500, காண்ட்ராய்டின் 1200, இரண்டும் சேர்ந்தது, செலிகாக்ஸிப் என்ற வலிமாத்திரை, வெற்று மாத்திரை என்று ஐந்து குழுக்கள். வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். இரண்டும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 67 பேர். செலிகாக்ஸிப்பில் 70 பேர். ஆகா என்று தோன்றுகிறதா? வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 60 பேர். 67க்கும் 60க்கும் உள்ள இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது என்றுதான் கணக்கு சொன்னது. வலி நடுத்தரத்துக்கு மேல் இருந்த 354 பேரை மட்டும் பிரித்துப் பார்த்தபோது 79க்கு 54 என்று நல்ல வித்தியாசம் வந்தது. விளம்பரங்கள் பிடித்துக்கொண்டது இந்த எண்ணைத்தான். ஐந்து குழுவாகப் பிரிந்த 354 பேர் என்றால் குழுவுக்கு எழுபது பேர்தான். இதை ஒரு சந்தேகக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாமே தவிர, முடிவாக எடுக்க முடியாது. பின்னால் ஸ்பெயினில் 164 பேருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது வெற்று மாத்திரைக்காரர்களுக்குத்தான் வலி கூடுதலாகக் குறைந்தது. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் அமைப்பு 2019ல் முழங்காலுக்கு இரண்டுமே வேண்டாம் என்று எழுதியது. ஐரோப்பாவில் ஒரு நிபுணர் குழு அந்த மருந்துச் சீட்டு வகைச் சல்பேட்டை மட்டும் இன்னமும் ஆதரிக்கிறது.

அந்த 60 பேரைப் பற்றி யோசித்தால்தான் நம் ஊரில் நடப்பது புரியும். மூட்டுவலி ஒரே அளவில் நிற்பதில்லை; ஏறி இறங்கும். தாங்க முடியாத நாளில்தான் மாத்திரை வாங்குகிறோம். அதற்குப் பிறகு அது தானாகவே கொஞ்சம் இறங்கும். இறங்கியதன் பெயர் மாத்திரைக்குப் போகிறது. "சாப்பிட்டு ஒரே மாதத்தில் சென்னிமலை படி ஏறினேன்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. மாத்திரை இல்லாமலும் ஏறியிருப்பாரா என்பதுதான் அவருக்குத் தெரியாது.

ஆகவே அம்மாவுக்குக் கொடுப்பதானால் இப்படிச் செய்யுங்கள். அட்டையை விட்டுவிட்டு டப்பாவைக் கொடுங்கள். அதன் குளுக்கோசமைன் அளவாவது ஆய்வுகளின் அளவுக்கு வருகிறது. தொடங்கும் முன் இரண்டு வாரம் எதுவும் கொடுக்காமல், தினமும் ஒரே வேலைக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள்: குந்தி எழும்போது வலி பத்துக்கு எத்தனை? காலண்டர் தாளில் எழுதினால் போதும். வலிமாத்திரை போட்ட நாளில் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு மாத்திரையைத் தொடங்கி ஏறக்குறைய மூன்று மாதம் அதே கணக்கை எழுதுங்கள். இது மெதுவாக வேலை செய்யும் என்று சொல்லப்படும் பொருள், ஒரு வாரத்தில் முடிவு கட்டக் கூடாது. கடைசி இரண்டு வாரச் சராசரி முதல் இரண்டு வாரத்தைவிட இரண்டு மதிப்பெண்ணாவது இறங்கியிருக்க வேண்டும். வலிமாத்திரைப் புள்ளிகளும் கூடியிருக்கக் கூடாது. இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். இறங்கியிருந்தாலும் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியும் வலி திரும்பவில்லை என்றால் அந்தச் செலவு தேவையில்லை. இந்த மூன்று மாதத்தில் வேறு புதிதாக எதையும் தொடங்காதீர்கள். தொடை தசைப் பயிற்சி ஏற்கெனவே செய்தால் தொடரட்டும். செய்யவில்லை என்றால், வெளிப்படையாகச் சொல்கிறேன், மாத்திரையைத் தள்ளி வைத்துவிட்டுப் பயிற்சியை முதலில் தொடங்குங்கள். முழங்காலுக்கு அதன் பலன்தான் உறுதியானது. குந்துவதற்குப் பதில் ஒரு தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து கறப்பதும், வலி கூடிய நாளில் டைக்ளோஃபினாக் களிம்பு தடவுவதும் இந்த இரண்டு மாத்திரைகளையும்விட எனக்கு நம்பிக்கை தருபவை.

சர்க்கரையைப் பற்றி: பெயரில் குளுக்கோஸ் ஒலிப்பதால் பயம் வருகிறது. இந்த அளவில் சர்க்கரை நோயாளிகளுக்கு 90 நாள் கொடுத்துப் பார்த்ததில் மூன்று மாதச் சராசரியான எச்.பி.ஏ.1.சி. மாறவில்லை. மெட்ஃபார்மினை மாற்ற வேண்டியதில்லை. முதல் மாதம் மட்டும் வழக்கத்தைவிட ஒருமுறை கூடுதலாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இதய வால்வு, ரத்தக் கட்டி போன்ற காரணங்களுக்கு வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் சாப்பிடுபவராக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது; ரத்தம் உறையும் நேரம் கூடி ரத்தக்கசிவு வந்ததாகப் பதிவுகள் உள்ளன. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் குளோரைடு வகை வேண்டாம். உங்கள் அட்டையின் இரண்டு மாத்திரையில் சுமார் 190 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது, நல்ல சிறுநீரகத்துக்கு அது ஒன்றுமில்லை. இதே தோற்றத்தில் டயாசெரீன் சேர்ந்த அட்டைகளும் கடையில் உண்டு. அது மருந்து, வயிற்றுப்போக்கு வரவழைக்கும். அடுத்த முறை கடைக்காரர் அட்டையை மாற்றிக் கொடுத்தால் மூன்றாவது வரிவரை படித்துவிட்டு வாங்குங்கள்.

120 மாத்திரை உள்ள டப்பா, நாளுக்கு மூன்று என்றால் 40 நாளில் தீர்ந்துவிடும். பாதியில் உள்ளூர் அட்டைக்கு மாறினால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் குழம்பிவிடும். அதே டப்பா இன்னொன்று அனுப்பச் சொல்லி, இரண்டும் கைக்கு வந்த பிறகு தொடங்குங்கள். 80 நாள் வரும், சோதனைக்கு அது போதும். மூன்றாவது டப்பாவைக் காலண்டர் தாளைப் பார்த்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.